நெய் மணக்கும் கதை

தீபாவளி வந்தால் பால்பண்ணைக்காரருக்கும் விளம்பரக் கதை எழுத ஆசை வரும். கீழச்சிவல்பட்டிக்கென்று எழுதினால் இப்படி இருக்கும்:

வள்ளி ஆச்சி தூக்குவாளியில் மாவுருண்டை கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு மீனா ஆச்சி எடுத்ததும் பொலபொலவென உதிர்ந்தது.

“பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்தியளா?”

“வறுத்துத்தான் மிஷின்ல திரிச்சேன்.”

“நெய்?”

“ஆறிப்போச்சு. கொஞ்சமாத்தான் ஊத்துனேன்.”

“அதான்! காயவச்சு ஊத்தி, சூட்டோட பிடிக்கணும். ஒரு கை மாவை அழுத்தினா நிக்கணும். உதிர்ந்தா இன்னொரு கரண்டி விடணும்.”

பதிலுக்கு அதிரசம் வந்தது. பேசாத பங்காளி வீடென்றால் கண்ணீரும் வந்திருக்கும்; விளம்பரத்தில் இடமில்லை.

‘உறவு உதிராமலிருக்க எங்கள் நெய்! 1 லிட்டருக்கு 100 மில்லி இலவசம். இருப்பு உள்ளவரை.’

அந்த இலவசம் அரைக் கிலோ பருப்புக்கே காணாது. ஆச்சிகளுக்குத் தெரியும், கதாசிரியருக்குத் தெரியாது.