மேளம்னா எந்த மேளம்?

என் தாய்மாமா நாகஸ்வர வித்வான். வேப்பனப்பள்ளியில் அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது, "நாயனக்காரர்" என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். இரண்டு தொழிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் இருந்தேன். ஒரு நாள் மாமா புதிதாக அடித்த விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். பெயர் அவருடையது, போன் நம்பர் என்னுடையது.

"வாசிக்கும்போது போன் வந்தா நான் எப்படி எடுக்கறது மாப்ளே? சீவாளிய வாயில வச்சிக்கிட்டா பேசறது?"

நியாயம்தான். மெஷின் முன்னால் நிற்கும்போது போன் வந்தால் நான் எப்படி எடுப்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாய்மாமன் ஆயிற்றே.

முதல் அழைப்பிலேயே கவிழ்ந்தேன். "மேளம் வேணும்" என்றார்கள். தேதி கேட்டேன், இடம் கேட்டேன், அச்சாரம் வாங்கினேன். எந்த மேளம் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கம் அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது அன்றைக்குத் தெரியாது. இங்கே மேளம் என்றால் நாயனமும் தவிலும் ஆகலாம், பம்பையும் சிலம்பும் ஆகலாம், பேண்டு செட்டும் ஆகலாம். இப்போது கேரளத்துச் செண்டையும் சேர்ந்துகொண்டது. மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் இடமாதலால், கன்னட வீட்டுக்காரர் "வாலகா" என்பார், தெலுங்கு வீட்டுக்காரர் "சன்னாயி" என்பார். அவர்களிடம் குழப்பமே இல்லை. தமிழில் கேட்டால்தான் ஆபத்து.

அன்று கேட்டவர்களுக்கு வேண்டியது பம்பை. அம்மன் பண்டிகையில் பம்பையடித்துச் சாமி அழைக்க வேண்டும். மாமா பட்டு வேட்டி, சந்தனம், இரண்டு தவில் சகிதம் போய் இறங்கினார். வந்தது வந்தாயிற்று என்று உட்கார்ந்து கல்யாணி வாசித்தார். ஒரு மணி நேரம் வாசித்தும் யாருக்கும் சாமி வரவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவருக்குத் தூக்கம் வந்தது.

"இனிமே கேக்கறவங்களுக்கு முதல்ல ஒரு சாம்பிள் அனுப்பிடு. காதால கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்" என்று மாமா உத்தரவிட்டார்.

சாம்பிள் எடுப்பது ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை என்று நினைத்தேன். மாமா வீட்டுக் கூடத்தில், அணசுக்கு நேர் எதிரே இரண்டடியில் போனை நிறுத்திவைத்தேன். ஆலாபனை ஏதோ தேறியது. தவில் சேர்ந்ததும் நாயனம் கிணற்றுக்குள் இறங்கிப் போனது. கெட்டிமேளம் வந்தபோது தகரத்தைத் தார்ரோட்டில் இழுக்கிற சத்தம் மட்டும்தான் மிஞ்சியது. கல்யாண வீட்டார் முக்கியமாகக் கேட்க விரும்புவது கெட்டிமேளத்தைத்தான். போனுக்குத் தாங்காததும் அதுதான்.

மைக் செட் வைத்திருக்கும் நண்பன் கேட்டுவிட்டுச் சிரித்தான். போன் மனிதப் பேச்சுக்காகச் செய்தது. சத்தம் ஏறினால் தானே குறைத்துக்கொள்ளும், இறங்கினால் தானே ஏற்றிக்கொள்ளும். தவிலின் ஒவ்வொரு அடிக்கும் போன் பயந்து மொத்தச் சத்தத்தையும் குறைக்கிறது, கூடவே நாயனமும் அமுங்குகிறது. அதையும் மீறி வரும் சத்தத்தின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். ஒலி அலையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். மலை மாதிரி இருக்க வேண்டியது, மொட்டைமாடி மாதிரி தட்டையாக இருந்தது. "இதைப் பின்னாடி குறைச்சாலும் சரியாகாது. சின்ன மொட்டைமாடி ஆகும், அவ்வளவுதான்" என்றான்.

அவன் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. நாயனத்தின் சத்தம் முழுவதும் அணசு வழியாகத்தான் வருகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலான ஸ்வரங்களுக்குச் சத்தம் திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. அணசுக்கு எதிரே மைக் வைத்தால் ஒரு ஸ்வரம் அறையும், அடுத்தது பதுங்கும். மைக்கைப் பக்கவாட்டில், துளைகளைப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

சிமென்ட் சுவர் எதிரொலி வேண்டாமென்று மாந்தோப்புக்குப் போனோம். எங்கள் பக்கம் தோப்புக்கா பஞ்சம்? தானாக ஏற்றி இறக்கும் வசதியை நிறுத்திவைக்க முடிகிற ஒரு ரெக்கார்டிங் செயலியைப் போனில் போட்டான். நாயனம் ஆறடியில், தவில் அதற்குப் பின்னால் பன்னிரண்டடியில். முதலில் கெட்டிமேளத்தை மட்டும் வாசிக்கச் சொல்லி, அதன் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வைத்தான். தாலியே இல்லாமல் காலை ஏழு மணிக்கு நாலு தடவை கெட்டிமேளம் கேட்டதில், பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி யாருக்குக் கல்யாணம் என்று விசாரிக்க வந்துவிட்டார்.

பதிவு அருமையாக வந்தது. அதை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் மறுபடி பேச்சுக்கான சுருக்கத்தில் நசுங்கும், கோப்பாகவே அனுப்ப வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன்.

எவ்வளவு நீளம் என்பதில் சண்டை. மாமா இருபது நிமிடம் தோடி வாசித்திருந்தார். "ராஜரத்தினம் பிள்ளையே இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சத்துல அடங்கினாரே மாமா" என்றேன். "அவர் மூணு நிமிஷத்துல காட்டிடுவார். எனக்கு இருபது வேணும்" என்றார். இவ்வளவு நேர்மையான பதிலுக்கு மேல் என்ன வாதாட? ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி நாற்பது விநாடி, சினிமாப் பாட்டு முப்பது விநாடி, கெட்டிமேளம் பதினைந்து விநாடி என்று வெட்டினேன். தோடியைத் தனியாக வைத்திருக்கிறேன். இதுவரை கேட்டு வாங்கியவர் ஒருவர்தான், அவரும் கல்யாணத்துக்குக் கேட்கவில்லை.

அடுத்தது தேதிப் பட்டியல். எந்தெந்த நாள் எங்கே கச்சேரி என்று எல்லோருக்கும் சொல்லலாமே என்றேன். மாமா ஒப்பவில்லை. நிறைந்திருந்தால் கண் படும், காலியாக இருந்தால் பேரம் பேசுவார்கள். ஆனால் அவருடைய டைரியைப் பார்த்தபோது வாய் பிளந்தேன். ஆடியில் முகூர்த்தங்கள்!

ஆடியில் தமிழ் நாயனக்காரருக்கு ஓய்வு, அம்மன் கோயில்தான் கதி. எல்லை வித்வானுக்கு அப்படியில்லை. கன்னட, தெலுங்கு வீடுகளில் ஆடியைப் பார்ப்பதில்லை, அமாவாசைக் கணக்கில் வரும் ஆஷாடத்தைத்தான் பார்ப்பார்கள். 2025-இல் ஆஷாடம் ஜூன் 26-இல் தொடங்கி ஜூலை 24-இல் முடிந்தது. நம் ஆடியோ ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. ஆனிக் கடைசியில் அவர்கள் நிறுத்தியிருப்பார்கள், தமிழ் வீடுகள் கூப்பிடும். ஆடி எட்டாம் தேதிக்கு மேல் நாம் நிறுத்தியிருப்போம், சிராவணம் பிறந்துவிட்டதென்று அவர்கள் கூப்பிடுவார்கள். உண்மையில் கை கட்டி உட்கார்ந்தது இடையில் ஒரு வாரம்தான். மார்கழியில் மட்டும் மூன்று பாஷையும் ஒற்றுமையாகக் கைவிட்டுவிடும்.

இப்போது போன் வந்தால் வரிசையாகக் கேட்கிறேன். எந்த மேளம், என்ன தேதி, எத்தனை மணி. "ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு மணி" என்றால், சனி ராத்திரி விடிந்து வரும் மூன்றா, ஞாயிறு கழிந்து வரும் மூன்றா என்று ஒரு துணைக்கேள்வி. மண்டபம் எந்த மாநிலம். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதி என்று ஆறு பேருக்கு வண்டி யாருடையது. ரேட் கடைசியில்தான். அவர்கள் அதை முதலில் கேட்பார்கள், நான் சாம்பிளை அனுப்பிவிடுவேன்.

இந்த வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்டு. நாயனம் வேண்டியவர்கள் காலை பதினொரு மணிக்குள் கூப்பிடுங்கள். பம்பை வேண்டியவர்களும் கூப்பிடலாம், நல்ல பம்பைக்காரர் நம்பர் ஒன்று வைத்திருக்கிறேன்.