120 லிட்டர் தண்ணீர்

வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பரீட்சைகளைவிடப் பெரிய கண்டம் எஸ்.ஓ.பி. நீ யார், ஏன் இந்தப் படிப்பு, ஏன் எங்களிடம் என்ற மூன்று கேள்விக்கும் இரண்டு பக்கத்துக்குள் பதில் எழுத வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள்.

ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் என் பயோடேட்டாவை ஏஐயிடம் கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் எஸ்.ஓ.பி. வந்துவிட்டது. அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ‘சிறுவயது முதலே வானளாவிய கட்டடங்கள் என் கற்பனையைக் கொள்ளைகொண்டன’ என்பது முதல் வரி. நான் வளர்ந்தது விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே அண்ணாந்து பார்க்க இருந்தது பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். தொடர்ந்து, நீடித்த வளர்ச்சி, ஸ்மார்ட் நகரங்கள், தலைமைப் பண்பு என்று போய், ‘உங்கள் உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்களின் வழிகாட்டுதலில்’ என்று முடிந்தது. அப்பா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல பையனா இருக்கான்டா. யாரு இவன்?”

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியையே சல்லடையாக வைத்து ஒவ்வொரு வரியாகச் சலித்தேன். என் பெயரை அழித்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரன் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி என்றால் அடி. ‘எப்படி?’ என்று யாராவது கேட்டால் இரண்டு நிமிஷம் பேச முடியாத வரி என்றாலும் அடி. சலித்து முடித்தபோது என் கல்லூரிப் பெயரும் மதிப்பெண்ணும் மிஞ்சின.

இனி என் கதையைத்தான் எழுத வேண்டும். கதை என்றால் சைட்டில் நடந்த அந்தத் தூண் விவகாரம்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்பு சைட் ஒன்றில் நான் குவாலிட்டி இன்ஜினியர். மே மாத மத்தியானம். ரெடிமிக்ஸ் லாரி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தது. எம்25 கான்கிரீட், அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய ரகம். லாரியிலிருந்து முதலில் இறங்கிய கான்கிரீட்டில் 15 சென்டிமீட்டர் க்யூப்கள் போட்டு எடுத்துக்கொண்டு நான் லேப் ஷெட்டுக்குப் போனேன். பாதி லோடு இறங்கியதும் வெயிலில் மீதி இறுகிப்போய் பம்ப் திணறியது. மேஸ்திரி டிரைவரைப் பார்த்தார், டிரைவர் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கான்கிரீட் பாயசம் மாதிரி ஓடியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

28-ஆம் நாள் க்யூப்களை உடைத்தோம். 28, 29, 30. சராசரி 29, அமோகமான பாஸ். ஆனால் அந்தப் பாதி லோடில் நின்ற இரண்டு தூண்களில் ரீபௌண்டு ஹாமரைத் தட்டினால் எண் ஏறவே இல்லை. ஹாமர் மேல்தோலைத்தான் சொல்லும், அதை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. தூணில் துளையிட்டு மூன்று கோர் எடுத்தோம். 17, 18, 19.5. கோர்களின் சராசரி, இருக்க வேண்டிய வலுவில் 85 சதவீதமாவது வர வேண்டும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. எம்25-க்கு அது 21.25, 18.75. சராசரியும் தேறவில்லை, தனித்தனியாகப் பார்த்தால் மூன்றில் இரண்டு கோர்கள் தேறவில்லை. கடைசியில் இரண்டு தூணுக்கும் கம்பி கட்டி, ஜாக்கெட்டிங் என்று கான்கிரீட் சட்டை போட்டுவிட்டோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலவையில் ஒரு கன மீட்டருக்கு 360 கிலோ சிமென்ட், 162 லிட்டர் தண்ணீர், விகிதம் 0.45. லாரியில் மிச்சமிருந்தது மூன்று கன மீட்டர், ஊற்றியது 120 லிட்டர். கன மீட்டருக்கு 40 லிட்டர் கூடி விகிதம் 0.56 ஆகிவிட்டது. ஒரே லாரியில் இரண்டு கான்கிரீட் வந்திருக்கிறது, நான் நல்லதை மட்டும் பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றிலிருந்து லோடின் நடுவிலும் க்யூப் எடுக்கச் செய்தேன், லாரி வந்த நேரமும் டேங்க் அளவும் எழுத ஒரு ரிஜிஸ்டர் வைத்தேன். டிரைவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்தச் சம்பவத்தை நாலு வரியில் எழுதி, சேர்த்துத் தரச் சொல்லி மறுபடி ஏஐயிடம் கொடுத்தேன். வந்ததைப் படித்து எனக்கே புல்லரித்தது. அதில் நான் லாரிக்குக் குறுக்கே பாய்ந்து, ‘நிறுத்துங்கள்!’ என்று கத்துகிறேன். மேஸ்திரி நரைத்த தாடியோடு கண் கலங்குகிறார். நான் எங்கே பாய்ந்தேன்? லேப் ஷெட்டில் க்யூபுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். மேஸ்திரிக்கு என் வயதுதான், தாடியும் கிடையாது. போதாக்குறைக்கு, ‘மெச்சூரிட்டி சென்சார்களால் இப்பிரச்சினைக்குத் தீர்வு காண்பேன்’ என்று ஒரு சபதம் வேறு.

விவகாரமே அந்தச் சபதத்தில்தான். கான்கிரீட்டுக்குள் சென்சார் புதைத்து, வெப்பத்தையும் நேரத்தையும் வைத்து வலுவைக் கணிப்பதுதான் மெச்சூரிட்டி முறை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட கலவைக்கென்று முன்கூட்டியே போட்டு வைத்தது. வழியில் யாரோ தண்ணீர் ஊற்றினால் சென்சாருக்குத் தெரியாது, 0.45 என்று நம்பி நல்ல மார்க் போட்டுக்கொண்டே இருக்கும். என் தூண்களை அதுவும் பாஸ் பண்ணியிருக்கும். படிக்கிற பேராசிரியருக்கு இது ஒரு நொடியில் தெரியும்.

சபதத்தை அடித்த இடத்தில்தான் என் நிஜமான கேள்வி கிடைத்தது: பாதி வழியில் மாறிப்போன கலவையை, அது தூணாக இறுகுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி? பச்சைக் கான்கிரீட்டை மைக்ரோவேவில் உலர்த்தி, குறைந்த எடையிலிருந்து தண்ணீரைக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் லாரி காத்திருக்கும்போது சைட்டில் யார் சமைப்பது? கான்கிரீட்டின் மின்தடையை அளந்து சொல்லலாமா என்பதைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.

கேள்வி கிடைத்ததும் மற்றவை தாமாக இடத்தில் உட்கார்ந்தன. முதல் பத்தி 29-க்கும் 18-க்கும் உள்ள இடைவெளி. இரண்டாவது ரிஜிஸ்டர். மூன்றாவது எனக்குத் தெரியாதவை: மின்தடை அளவீடு, புள்ளியியல். நான்காவது, நான் விண்ணப்பிக்கும் துறையில் இதைச் செய்கிற லேப் எது, எந்தப் பாடம் என்பது. துறையின் இணையப் பக்கத்தில் தேடும்போது, ஏஐ தன் எஸ்.ஓ.பி.யில் மெச்சிப் பேசியிருந்த ஒரு பேராசிரியர் அங்கே இல்லவே இல்லை என்பதும் தெரிந்தது. எங்கள் கம்பெனி பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

சிபாரிசுக் கடிதம் தர வேண்டியவர் எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர். பிரதியை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தவர், இரண்டாம் பத்தியில் விரலை வைத்தார்.

“120 லிட்டர்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் அங்க இல்லையே.”

“லாரி டேங்குல பக்கவாட்டுல கண்ணாடிக் குழாய் இருக்கும் சார். வந்தப்போ இருந்த அளவைக் குறிச்சிருந்தேன். போறப்போ கேட்ல பார்த்துக் கழிச்சேன்.”

“இதை ஏன்யா எழுதல? இது இல்லேன்னா நீ அடிச்சுவிடுறேன்னு நினைப்பாங்க.”

எழுதினேன். இரண்டு பக்கத்தில் அவர் பாராட்டியது அந்த ஒரு வரியைத்தான். பாராட்டும் ‘சரி, லாரி வந்துடுச்சு, போய்ப் பாரு’ என்ற அளவில்தான் இருந்தது.