திரி பிடிக்கவில்லையே!

கேள்வி: புது மருமகள் முதன்முதலாக விளக்கேற்றும்போது திரி பிடிக்காவிட்டால் அபசகுனமா?
(வருங்கால மாமியார், திண்டுக்கல்)

பதில்: அபசகுனமில்லை, திரியை முன்கூட்டியே எண்ணெயில் ஊறவைக்காத மாமியாரின் மறதி! காய்ந்த திரி கருகும், நின்று எரியாது. நுனியை முறுக்கி, கொஞ்சம் நெய் தொட்டு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வீடியோக்காரர் வியர்த்தால் வியர்க்கட்டும். வாசலில் ஆரத்தி மஞ்சளாகவே நின்றால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு சிட்டிகை கரைத்தால் சிவந்துவிடும். வலது காலை எடுத்துவைத்து வந்தவள் விளக்கேற்றி, அரிசியிலும் உப்பிலும் கைவைத்ததும் பாலும் பழமும் கொடுங்கள். பழத்தை முன்பே பிசைந்து வைத்தால் கறுத்துவிடும். மாப்பிள்ளை குடித்த மிச்சம்தான் பெண்ணுக்கு என்பது பழைய கணக்கு. இரண்டு கிண்ணமாக வையுங்கள். பாலில் சிக்கனம் பார்க்கிற நாளா அது?