இட்லி தீர்ந்த பிறகு வந்தவர்கள்

பெருங்குடியில் ஒரு பள்ளி. ஆசிரியர் பயிற்சிக்குக் கருத்தாளராகத் தரவு அறிவியல் நிபுணர் ஒருவர் வருகிறார். "அறிமுகம் நீங்கதான் தமிழம்மா" என்று தலைமையாசிரியை ஒரு தாளை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். தாளில் பதினான்கு வரி. அதில் எனக்குப் புரிந்தது அவர் பெயரும் சொந்த ஊரும்.

"தரவு" என்று வாயெடுத்ததுமே கூட்டம் வாடியது. எமிஸில் இன்னும் எதையாவது பதிவேற்றச் சொல்வாரோ என்ற பயம். பின்வரிசையில் கைப்பைகள் மடிக்கு ஏறின. தாளை மடித்துவிட்டு இட்லியைக் கையில் எடுத்தேன்.

"பழைய மகாபலிபுரம் சாலையோரம் ஒரு அக்கா இட்லிக்கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு திங்கள்கிழமை விற்றது 180, 200, 190, 210. ஐந்தாவது திங்கள், 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். விற்றது பூஜ்யம். அடுத்த திங்களுக்கு எத்தனை இட்லிக்கு மாவு அரைக்கலாம்?"

கணக்கு டீச்சர் நொடியில் சொன்னார்: "சராசரி 156."

"அத்தனைக்கே அரைத்தால் சிலர் பட்டினி டீச்சர். அன்று ஊருக்குப் பசிக்காமல் இல்லை, கடைக்குள் தண்ணீர். அந்த நாளை ஒதுக்கினால் 195."

"அப்ப 195 சரியா?" என்றார் உடற்கல்வி சார். இட்லி என்றதும் நிமிர்ந்தவர்.

"அதுவும் பாதிக் கதைதான் சார். 210 விற்ற அன்று எட்டரை மணிக்கே குண்டான் காலி என்றால்? அதன் பிறகு வந்து திரும்பிப் போனவர் நோட்டில் இல்லையே. விற்ற கணக்கு வேறு, கேட்ட கணக்கு வேறு. மாவு மீந்த நாளில்தான் இரண்டும் ஒன்று. தீர்ந்த நாளின் எண், 'குறைந்தது இவ்வளவு' என்று மட்டுமே சொல்லும். அதனால் அக்கா இட்லி தீர்ந்த நேரத்தை எழுத வேண்டும். திரும்பிப் போகிற ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு இழுக்க வேண்டும்."

கடைசியாகக் கருத்தாளரைக் காட்டினேன். "கூட்டிப் பெருக்குவதைக் கணினி பார்த்துக்கொள்ளும். எண்ணுக்குப் பக்கத்தில் எதை எழுதாமல் விட்டோம் என்று கேட்பதுதான் சாருடைய வேலை."

அவர் சிரித்தபடி எழுந்து, கரும்பலகையில் ஒரு குண்டான் வரைந்தே பேச்சைத் தொடங்கினார்.

மதியம் ஒரு மணி. சொல்லி வைத்த சாப்பாட்டுப் பொட்டலம் 50; வந்திருந்தவர்கள் 62 பேர். உடற்கல்வி சாருக்கு முதல் பொட்டலம். பேசி முடித்துக் கைகழுவி வந்த கருத்தாளருக்கு எதிரே காலி அட்டைப்பெட்டி. ஓடிப்போய் எனக்கு வாங்கி வைத்திருந்த தயிர்சாதத்தைப் பாதியாகப் பகிர்ந்தேன்.

மாலையில் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: "மதிய உணவு உண்டோர்: 50."

அடுத்த பயிற்சிக்கு எத்தனை பொட்டலம் சொல்வார்கள் என்று கணிக்க எந்த நிபுணரும் தேவையில்லை. சுவரோரம் போய்ப் பன்னிரண்டு கோடு இழுத்துவிட்டு வந்தேன்.