மாதம் 4,200 ரூபாயைக் காணவில்லை

பெருமதிப்புக்குரிய சம்பளப் பிரிவுக்கு,

மே மாதம் எனக்கு ஊதிய உயர்வுக் கடிதம் கொடுத்தீர்கள். ஏப்ரல் 1 முதல் என் சம்பளம் 42,000 ரூபாயிலிருந்து 46,200 ஆகிறது என்று அதில் இருக்கிறது. கடிதம் கைக்கு வந்த வாரமே வீட்டுக்காரருக்குச் சேதி போய், வாடகை உயர்ந்துவிட்டது. இத்தனைக்கும் அவரிடம் சம்பள மென்பொருள் எதுவும் கிடையாது.

இப்போது அக்டோபர். செப்டம்பர் சம்பளச் சீட்டிலும் 42,000தான். மனிதவளப் பிரிவைக் கேட்டால் பட்டியலை உங்களுக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். நீங்களோ, பட்டியல் 20ஆம் தேதிக் கெடு தாண்டி வந்ததால் 'அடுத்த மாதம்' என்கிறீர்கள். அந்த அடுத்த மாதம் மே முதல் மாறாமல் நிற்கிறது. ஆனால் நான் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அது மட்டும் எந்தக் கெடுவையும் தாண்டாமல் அந்த மாதச் சீட்டிலேயே ஏறிவிடுகிறது. உங்கள் திறமையை நான் சந்தேகிக்கவில்லை.

உங்கள் சிரமத்தைக் குறைக்கக் கணக்கை நானே போட்டுவிட்டேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்கு, மாதம் 4,200 வீதம் 25,200 ரூபாய். ஆகஸ்டில் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். அதற்குரிய 135 ரூபாயை நியாயமாகக் கழித்துக்கொண்டால் நிலுவை 25,065. அடிப்படைச் சம்பளமும் 21,000 ரூபாயிலிருந்து 23,100 ஆகியிருக்கிறது. நம் நிறுவனம் முழு அடிப்படைக்கும் பி.எஃப். கட்டுவதால், நிலுவையிலிருந்து என் பங்காகச் சுமார் 1,500 ரூபாய் போகும். நிறுவனமும் அதே அளவு போட வேண்டும். வட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அது என் பெருந்தன்மை.

ஒரே ஒரு பயம். பதிவு செய்யும்போது 'நடைமுறைத் தேதி' என்ற கட்டத்தில் அவசரத்தில் அக்டோபர் 1 என்று போட்டுவிடாதீர்கள். போட்டால் இந்த மாதம் 46,200 வரும், எல்லோரும் கைகுலுக்குவோம், பழைய ஆறு மாதமும் சத்தமில்லாமல் கரைந்துபோகும். மென்பொருளுக்கு நிலுவை என்று ஒன்று இருந்ததே தெரியாது. ஏப்ரல் 1 என்று போட்டால் அதுவே மாதவாரியாக வித்தியாசத்தைக் கணக்கிட்டு, 'நிலுவை' என்று தனி வரியில் காட்டும். அந்த வரி இல்லாத சீட்டை நான் திருப்பி அனுப்புவேன்.

மார்ச்சுக்குள் கொடுத்தால் எல்லாம் ஒரே நிதியாண்டுக் கணக்கில் முடிந்துவிடும். அதையும் தாண்டினால், உங்கள் தாமதத்துக்கு வரிச் சலுகை கேட்டு வருமான வரித் துறைக்கு நான் தனிப் படிவம் போட வேண்டியிருக்கும். அங்காவது இந்த உயர்வு பதிவாகும் என்ற ஆறுதல் உண்டு.

உயர்வுக் கடிதத்தின் நகலையும் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் இணைத்திருக்கிறேன். இந்த மாதக் கெடு 20ஆம் தேதி மாலை முடிகிறது. இன்று 16. தயவுசெய்து பதிவு செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடிதத்தில் மட்டும் 46,200 வாங்கும் ஊழியன்