லிஸ்ட் அக்கா

ராயபுரத்தில் எந்தக் கிளியரிங் ஏஜென்சி ஆபீசுக்குள் நுழைந்தாலும், ஜன்னலோர மேசையில் ஓர் அக்கா இருப்பார். காதோரம் பேனா, கையருகே ஸ்கேல், எதிரே கோடு போட்ட ஒரு தாள். பொங்கலோ, ஆயுத பூஜையோ, யாராவது ரிட்டயர் ஆவதோ, “ஆளுக்கு ஒரு ஐட்டம் வீட்டிலிருந்து கொண்டு வரலாம்” என்று எவராவது வாய்விட்ட மறு நிமிடம் அந்தத் தாள் சுற்றுக்கு வந்துவிடும். எங்கள் ஆபீசில் அவருக்கு லிஸ்ட் அக்கா என்று பெயர். அவருக்கும் அது தெரியும்.

அவர் இந்தப் பதவிக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பொங்கல். அந்த வருஷம் லிஸ்ட் கிடையாது. “நான் ஏதாச்சும் கொண்டாறேன்” என்று இருபத்து நாலு பேரும் சொன்னோம். அன்று மேசையில் வந்து உட்கார்ந்தவை ஏழு தூக்கு எலுமிச்சை சாதம். வீட்டில் எழுந்ததே லேட்டு என்றால் அதுதானே கைக்கு வரும்? ஒவ்வொன்றும் ஒரு கிலோ அரிசி. இருபத்து நாலு பேர் வயிறார உண்ண மொத்தமே இரண்டரை கிலோ அரிசி போதும். தொட்டுக்கொள்ள ஒரு பொரியல் இல்லை, ரசம் இல்லை. அப்பளம் மட்டும் மூன்று வீட்டிலிருந்து. வெளியே டிரெய்லர் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. மிச்சத்தை அந்த டிரைவர்களுக்குக் கொடுத்தோம். நாலாவது தூக்கில் அவர்களே போதும் என்று கும்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அக்கா பேனாவை எடுத்தார். யார் என்ன கொண்டு வருகிறீர்கள் என்று அவர் கேட்பதில்லை. முதலில் அறைகள் கட்டுகிறார்: சாதம் மூன்று, குழம்பு இரண்டு, ரசம் ஒன்று, பொரியல் கூட்டு மூன்று, பொரித்தது இரண்டு, இனிப்பு இரண்டு. அதற்குள் அவரவர் இடம் பிடிக்கவேண்டும். அறை நிரம்பிவிட்டால் மீதிப் பேருக்கு வாழையிலை, தயிர், தண்ணி கேன். மேன்ஷனில் தங்கியிருக்கும் பையன்களுக்கு இதுதான் பிடிக்கும். கல்யாணமானவர்களுக்குத்தான் கௌரவக் குறைச்சல்.

அளவையும் அவர்தான் சொல்வார். “எல்லாருக்கும் வர்ற மாதிரி செய்யாதீங்க. பதிமூணு ஐட்டம் இருக்கு, எல்லாத்துலயும் ஒரு கரண்டிதான் எடுப்பாங்க. எட்டுப் பேருக்கு செஞ்சா போதும்.” இதைக் கேட்டு நம் வீட்டம்மாக்கள் ஒருத்தரும் அளவைக் குறைத்ததில்லை என்பது வேறு கதை.

குழம்பும் ரசமும் யாருக்கு என்பதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எண்ணூரிலிருந்து வருகிறவர் தண்ணிப் பதார்த்தம் எடுக்கக்கூடாது. ஒரு தடவை சாம்பார் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டது. நாங்கள் இட்லியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வந்து சேர்ந்ததில் பாதி சாம்பார் பைக் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. அன்றிலிருந்து குழம்பு ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு. எண்ணூருக்கு முறுக்கும் அதிரசமும்.

நான் ஒருமுறை குறுக்கு வழியில் போனேன். எலுமிச்சை சாதத்துக்கு எதிரே ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. நான் கீழே “சித்ரான்னம்” என்று எழுதினேன். அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அதுல இன்னா போடுவீங்க?”

“அரிசி, மஞ்சள், கடுகு, வேர்க்கடலை...”

“புளிப்புக்கு?”

நான் பேசவில்லை.

“சார், டிக்ளரேஷன்ல பேரை மாத்திட்டா சரக்கு மாறிடுமா? கஸ்டம்ஸ்ல இப்படி எழுதினா ஃபைன்.” ஸ்கேலை வைத்து ஒரே கோடு. இருபது வருஷம் பில் ஆஃப் என்ட்ரி தட்டிய கை அது.

அலர்ஜி விஷயத்தில்தான் அவருடைய முழுத் திறமையும் வெளிப்படும். “எதுக்காச்சும் அலர்ஜி இருக்கா?” என்று கேட்டால் ஆபீசில் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் பாகற்காய் என்பார், ஒருவர் மேனேஜர் என்பார். அக்கா சிரிக்காமல் அடுத்த கேள்வி கேட்பார்: “சாப்ட்டா இன்னா ஆவும்?” பிடிக்காது என்றால் பெயர் மேல் கோடு விழும். உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இழுக்கும் என்றால் சிவப்பு மையில் ஏறும். இப்படித் தேறியவர்கள் மூன்று பேர்: புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வேர்க்கடலை, துறைமுகத்துக்குள் போய்வரும் எங்கள் பையனுக்கு இறால், அக்கவுன்ட்ஸ் சாருக்கு கோதுமை. சாருக்கு இருப்பது அலர்ஜிகூட இல்லை, சீலியாக் என்கிற குடல் நோய். கொஞ்சம் பட்டாலும் ஆகாது.

“நம்ம சாப்பாட்டுல கோதுமை எங்கக்கா வரப்போவுது?” என்று நான் கேட்டேன். அக்கா தன் பையிலிருந்து ஒரு பெருங்காய டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், வடை, ஊறுகாய் எல்லாம் சாருக்கு ஒரே டப்பாவில் போச்சு. பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் கோதுமை, இறால், பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா இருந்தால் அச்சிட்டே ஆகவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. நம் வீட்டுத் தூக்குக்கு யார் லேபிள் ஒட்டுவது? அக்கா ஒட்டுகிறார். ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் ஒரு சீட்டு: என்ன எண்ணெய், என்ன பெருங்காயம், என்ன பருப்பு. எண்ணெய் ஏன் என்றால், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் வேர்க்கடலையின் புரதம் தங்கியிருக்கும், அந்தப் பெண்ணுக்கு ஆகாது.

போன பொங்கலுக்குக் காசிமேட்டுக்காரர் ஒருவர் அத்தோ கொண்டு வந்தார். பர்மாவிலிருந்து திரும்பிய நம் ஆட்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கடற்கரைப் பக்கம் தள்ளுவண்டியில் கிடைக்கும். சீட்டில் “வெஜ்” என்று எழுதியிருந்தார். முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மேலே ஒரு பொடி. அக்கா பொடியை விரலில் தொட்டு மோந்தார்.

“இது இன்னாண்ணே?”

“பொட்டுக்கடல மாவும்மா.”

“அப்புறம்?”

“வாசனைக்கு... கொஞ்சூண்டு சென்னாகுன்னி.”

சென்னாகுன்னி என்பது காய்ந்த பொடி இறால். எங்கள் பையன் தட்டோடு வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தான். நம்ம ஊரில் அது அசைவக் கணக்கில் வராது போலிருக்கிறது! அக்கா அத்தோவைத் தூக்கித் தனி பெஞ்சில் வைத்தார், கரண்டியோடு. அந்தக் கரண்டி சாம்பாருக்குப் போய்விட்டால் சீட்டு ஒட்டியதற்கே அர்த்தமில்லை. அதனால்தான் சிவப்பு மைக்காரர்கள் மூவரையும் முதலில் பரிமாறிக்கொள்ளச் சொல்கிறார். கரண்டிகள் ஊர் சுற்றத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். பையனிடம், “மூச்சு இழுத்தா மாத்திரை போட்டுக்கினு உக்காரக்கூடாது, ஊசிதான். நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரி” என்றார். அவன் ரசம் சாதத்தைப் பிசைந்தபடி தலையாட்டினான்.

அக்கவுன்ட்ஸ் சாருக்கு அன்று ஒரு சின்ன டிபன் கேரியர் தனியாக வந்தது. பெருங்காயமே போடாமல் சீரகம், மிளகு தாளித்த பருப்புக் குழம்பு. யார் கொண்டு வந்தது என்று லிஸ்டில் இல்லை. கேரியர் மூடியில் அக்காவின் கையெழுத்தில் சீட்டு இருந்தது.

இந்த ஆயுத பூஜைக்கு லிஸ்ட் நேற்று சுற்றுக்கு வந்தது. என் பெயருக்கு எதிரே நான் எழுத அக்கா இடம் விடவில்லை. அவரே நிரப்பியிருந்தார்: தண்ணி கேன், ரெண்டு.