நாலு வரி பில்லும் பதினோரு பக்க உண்மையும்

கே: நிமோனியாவுக்காக அப்பா ஆறு நாள் தனியார் மருத்துவமனையில் இருந்தார். பில் ரூ.1,84,600. "ஐசியூ - வார்டு, மருந்து, லேப், இதர செலவு" என்று நாலே வரிதான். விவரம் கேட்கலாமா? - வாசகி, திண்டுக்கல்

கட்டாயம் கேளுங்கள், பாக்கியைக் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ஒவ்வொரு செலவையும் பிரித்துக் காட்டிய பில் பெறுவது உங்கள் உரிமை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் நோயாளர் உரிமை சாசனத்திலேயே இது இருக்கிறது. பில்லிங் கவுண்டரில் வாய்வார்த்தையாகக் கேட்டால், "சிஸ்டத்தில் இப்படித்தான் வரும்" என்பார்கள். தேதிவாரியான பில், மருந்துக்கடை பில், திரும்பக் கொடுத்த மருந்துகளின் ரசீது மூன்றும் வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே கேஸ் ஷீட் நகலுக்கும் எழுதிக் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதி. கேஸ் ஷீட் கையில் இல்லாமல் பில்லைச் சரிபார்க்க முடியாது.

கே: கொடுத்துவிட்டார்கள், பதினோரு பக்கம்! எங்கே தொடங்குவது? - அதே வாசகி

முதலில் ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாளைப் பாருங்கள். இரட்டைக் கட்டணம் அதிகம் விழுவது அங்கேதான். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் மூன்றாம் நாளுக்கு ஐசியூ வாடகையும் இருக்கிறது, வார்டு வாடகை ரூ.3,500-ம் இருக்கிறது. ஒரு நோயாளி ஒரு நாளுக்கு இரண்டு படுக்கைக்குப் பணம் கட்டுவானேன்? எந்த நேரத்திலிருந்து நாள் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டு, ஒன்றை நீக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். ஐசியூவில் இருந்த இரண்டு நாளுக்கும் தினம் ரூ.2,400 தனியாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் படமெடுத்து அனுப்பிய அவர்களுடைய கட்டணப் பட்டியலில், ஐசியூ வாடகையிலேயே ஆக்சிஜன் அடக்கம் என்றிருக்கிறது. ஆக ரூ.4,800 கூடுதல்.

மருந்தில்தான் பெரிய தொகை. ஒரு ஆன்டிபயாடிக் ஊசி 18 குப்பி வாங்கியதாக மருந்துக்கடை பில் சொல்கிறது. நர்ஸ் எழுதும் மருந்து சார்ட்டில் எத்தனை டிக் என்று எண்ணிப் பாருங்கள். பத்துதான். நாலாம் நாள் டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். மிச்சம் எட்டு குப்பியும் கடைக்குத் திரும்பிப் போயிருக்கிறது, பணம் மட்டும் பில்லில் கழியவில்லை. குப்பி ரூ.780 என்றால் ரூ.6,240.

கடைசியாக, ரத்த மாதிரி கெட்டுப்போனதால் மறுபடி எடுத்த பொட்டாசியம் பரிசோதனை, ரூ.450. மாதிரி கெட்டதற்கு அப்பா பொறுப்பல்ல.

டாக்டர் ஒரே நாளில் இரண்டு முறை வந்ததற்கு இரண்டு கட்டணம் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருகைக்கும் கேஸ் ஷீட்டில் குறிப்பு இருக்கிறது. அதை எதிர்க்காதீர்கள், நியாயமான வரியைத் தகராறு செய்தால் மற்ற நாலு வரிக்கும் மதிப்புப் போய்விடும்.

நான்கும் சேர்த்து ரூ.14,990. பில் ரூ.1,69,610 ஆகிறது. முன்பணம் ரூ.80,000 போக, பாக்கி ரூ.89,610.

கே: அதையும் மொத்தமாகக் கட்ட வழியில்லை. தவணை கேட்டால், "ஃபைனான்ஸ் கம்பெனியில் இஎம்ஐ போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். - அதே வாசகி

அது மருத்துவமனை தரும் தவணை அல்ல, உங்கள் பெயரில் விழும் கடன். வட்டி இல்லை என்றாலும் செயலாக்கக் கட்டணம் இருக்கலாம், தவறினால் அபராதம் உண்டு. தவணை தந்தே தீர வேண்டும் என்று மருத்துவமனையைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் உண்மை. ஆனால் கையில் ஒரு தொகையை வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு நடக்கும். கவுண்டரில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. நிர்வாக அதிகாரியைப் பாருங்கள். "இன்று ரூ.29,610 கட்டுகிறேன், மீதி ரூ.60,000-ஐ மாதம் 5-ம் தேதி பத்தாயிரம் வீதம் ஆறு மாதத்தில் தருகிறேன், வட்டி கிடையாது" என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். திருத்திய பில்லின் எண்ணும் அதில் வர வேண்டும்.

பின்தேதியிட்ட காசோலை கேட்டால் யோசித்துக் கொடுங்கள். பணமில்லாமல் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு வரலாம். தொகை எழுதாத காசோலையை மட்டும் யாருக்கும் தராதீர்கள்.

கே: பாக்கி இருந்தால் டிஸ்சார்ஜ் செய்ய மாட்டோம் என்கிறார்களே? - வாசகர், ஈரோடு

பணத்துக்காக நோயாளியை நிறுத்திவைக்கக் கூடாது என்பதும் அதே சாசனத்தில் இருக்கிறது. அதற்காகப் பாக்கி ரத்தாகிவிடாது. அவர்கள் சிவில் வழக்குப் போட்டு வசூலிக்கலாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் மனு கொடுங்கள். அங்கேயே நிறுத்திவைத்திருந்தால் போலீசை அழையுங்கள். இரட்டைக் கட்டணத்தைத் திருத்த மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போக வேறு வழியே இல்லாமல் முழுத் தொகையும் கட்ட நேர்ந்தால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லின் இரு பிரதியிலும் எழுதிவிட்டுக் கட்டுங்கள்.